இருபத்தோராவது கட்டம்

வெட்டினால் இனிக்கும், மென்றால் சக்கை, நாலு எழுத்து. தெரியும். எனக்குத் தெரியாதா? ஈரோடு பஸ் ஸ்டாண்டு வாசல்ல மெஷின்ல விட்டு நசுக்கி, இஞ்சியும் எலுமிச்சையும் வெச்சு, சக்கரத்துல சலங்கை கட்டி ஜல்ஜல்னு சுத்துவான், ஈ மொய்க்கும், பச்சையா நுரையா டம்ளர்ல ஊத்துவான், தைக்கு முந்தி கட்டுக்கட்டா லாரியில வரும், எல்லாம் கண்ணு முன்னால நிக்குது, பேரு மட்டும் வர மாட்டேங்குது. பாழாப்போன வாய். வாய் இல்லை, மண்டை. போன வருஷம் மண்டைக்குள்ள ஒரு நரம்பு அடைச்சுக்கிச்சு, வலது கை தொங்கிப் போச்சு, வாய் பூட்டிக்கிச்சு. டாக்டர் படம் புடிச்சுப் பார்த்துட்டு, உங்களுக்கு அறிவு எல்லாம் சரியா இருக்குங்க, சொல்லுதான் வெளிய வராதுன்னாரு. அறிவு சரியா இருந்து என்ன புண்ணியம்? எந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு ஊர் முழுக்கக் கேக்குற மாதிரி மைக்குல கத்தின ஆளு நான். டைம்கீப்பர் மாரப்பன்னா தெரியாத டிரைவர் கிடையாது. இப்ப எது கேட்டாலும் ‘அது, அது’ன்னு ஒரே சொல். இன்னைக்குக் கருமாதி. பவானிக் கூடுதுறையில படிக்கட்டுக்கு மேல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வெச்சுட்டானுங்க. ஐயருக்கு முன்னால இன்னும் ரெண்டு குடும்பம் குந்தியிருக்கு, அப்புறம் நாங்க. மடியில ஞாயித்துக்கிழமை பேப்பர், இடது கையில பேனா. கருமாதிக்கு வந்த எடத்துல மனுசன் புதிர் போடுறானேன்னு மருமக சுகந்தி பார்க்குறா. பார்த்துக்கட்டும். நான் விளையாடலை சாமி, நான் ஒரு பேரு தேடிக்கிட்டு இருக்கேன்.

என்ற பொண்டாட்டி பேரு. சிரிப்புத்தான் வருது. நாப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தவ பேரு. அதுக்கும் ஒரு காரணம் உண்டு, எங்க ஆத்தா பேரும் அவ பேரும் ஒண்ணு. கல்யாணம் பேசுறப்பவே சொன்னாங்க, மாமியாளும் மருமகளும் ஒரே பேரு, பரவாயில்லீங்களான்னு. ஆத்தா இருக்குற வீட்டுல ஆத்தா பேரைச் சொல்லி, சோத்தைப் போடு, எருமையைக் கட்டுன்னு எப்படிக் கத்துறது? அதனால ஏ புள்ளன்னு கூப்பிட்டேன். ஆத்தா போய்ச் சேர்ந்த பொறகும் ஏ புள்ளதான். பையன் பொறந்து, அவனுக்குப் பையன் பொறந்து, தலை நரைச்சும் ஏ புள்ள. அவளும் ‘ஏனுங்க’ன்னு ஓடி வருவா. சொல்லாத பேரு நாக்குல எப்படி இருக்கும்? ஆளு நடக்காத தடத்துல புல்லு மொளைச்சிரும். இன்னைக்கு எங்க வகையறா வழக்கப்படி புருசங்காரன் தன் வாயால பொண்டாட்டி பேரை மூணு தரம் சொல்லி எள்ளுந் தண்ணியும் விடோணும். அப்பத்தான் அது அவளுக்குச் சேருமாம். பூபதி, என்ற மகன், நேத்தே சொன்னான், அப்பாவுக்கு வராதுங்க மாமா, நானே சொல்லி முடிச்சர்றேன்னு. அவ அண்ணன் பொங்கியண்ணன் ஒத்துக்கலை. உசுரோட இருக்கையில ஒரு நாள் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை, போறப்பவாச்சும் மாப்பிள்ளை சொல்லட்டும்னாரு. குத்திக் காட்டத்தான் சொன்னாரு, தெரியும். ஆனா நான் நெஞ்சுல குத்திக் காட்டினேன், நான், நான் சொல்றேன்னு. அந்த மனுசன் சொல்லலீன்னாலும் எனக்கு வேணும். ஒரே ஒரு தரம். இன்னைக்கு விட்டா அப்புறம் யாரு என்னைக் கேக்கப் போறாங்க?

பேரைச் சொல்லிக் குடுத்தா ஆச்சேன்னு எல்லாரும் நெனைக்குறாங்க. பூபதி போன்ல பெருசா எழுதிக் காட்டினான். பார்த்தேன், ஆமா அதேதான்னு உள்ளுக்குள்ள மணி அடிச்சுது, வாயைத் தொறந்தா ‘அது’. கண்ணை எடுத்தா பேரும் போச்சு. காதுகிட்ட வந்து கத்துறாங்க, நான் என்னமோ செவிடு மாதிரி. முழுச் சொல்லைச் சொன்னா எனக்கு ஆகாது, முதல் எழுத்தைச் சொல்லோணும், அதைக் கண்டுபுடிச்சவ அவதான். நான் படுக்கையில விழுந்த பொறகு ஒரு ஞாயித்துக்கிழமை இதே புதிரை மடியில வெச்சுக்கிட்டு, ஒரு காயோட பேரு எனக்கு வரலை, உதட்டைக் குவிச்சு ‘பூ’ன்னா, என்ற வாய் தானா ‘பூசணி’ன்னுது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்புறம் தண்ணி வேணும்னா ‘த’ம்பா, சொல்லிருவேன். ஆளே இல்லை இப்ப அந்த முதல் எழுத்தை எடுத்துக் குடுக்க. இன்னொரு வழி, வரிசை. தனிச் சொல் வராதே தவிர வரிசை வரும். ஈரோடு சித்தோடு லட்சுமி நகர் பவானி அந்தியூர், ஒரே மூச்சுல சொல்லுவேன், மைக்கு முன்னால நின்ன மாதிரி. இது எந்த ஊருன்னு கேட்டா பவானின்னு வராது, ஈரோட்டுல இருந்து வண்டிய எடுத்தாத்தான் பவானிக்கு வந்து சேரும். அதான் என்ற திட்டம். காலையில கார் ஏறுறப்ப வாசல்ல கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர்ல இருந்து ஒரே ஒரு எழுத்தை மட்டும் புடிச்சுக்கிட்டேன். முழுப் பேரும் நிக்காது, அதனால முதல் எழுத்து மட்டும். து. மாட்டோட மூக்கணாங்கயிறு மாதிரி அதை மட்டும் இறுக்கிப் புடிச்சிருக்கேன். ஆனா து சொல்லுன்னா து வராது. ஒரு வரிசை வேணும், போற வழியில து இருக்கோணும். அதைத்தான் இந்தப் புதிருல தேடுறேன்.

பொங்கியண்ணன் கீழ யாரையோ கத்துறாரு, ஏப்பா, காரை அந்தப் பாலத்துக்கு அடியில நிறுத்து, இங்க வழி விடு. பாலம்! ஆற்றைக் கடக்க, மூணு எழுத்து, அஞ்சாவது வரி. பா, ல, ம். எழுதினேன். இடது கை எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, இருக்கட்டும். அடுத்தவன் வாயில இருந்து பொறுக்கிக்கிறதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை. இந்தப் புதிரு ஒண்ணும் பெரிய வித்தை கிடையாது. மேலிருந்து கீழ இருபத்தோரு வரி. வரிக்கு ஒரு குறிப்பு, எத்தனை எழுத்துன்னு பக்கத்துல போட்டிருப்பான். விடையைக் கட்டத்துல படுக்கையா எழுதோணும். ஒவ்வொரு வரியிலயும் முதல் கட்டம் மட்டும் தடிச்ச கோடு. எல்லா வரியும் நெரம்பினா அந்தத் தடிச்ச கட்டங்களை மேல இருந்து கீழ வாசிச்சுக்கிட்டு வந்தா ஒரு பெரியவங்க சொல் வரும். புள்ளி எழுத்துல எந்தச் சொல்லும் ஆரம்பிக்காது, ற, ன மாதிரி எழுத்துலயும் ஆரம்பிக்காது, அதனால அந்த வரிக்கெல்லாம் குறிப்பே குடுக்காம எழுத்தை அவனே அச்சுல போட்டுருவான். இன்னைக்கு ஒம்பது எழுத்து அவன் போட்டது, பாக்கிப் பன்னெண்டும் நம்ம பாடு. அவ குறிப்பைப் படிச்சு விடை சொல்லுவா, நான் தடிச்ச கட்டத்தையே முறைச்சுக்கிட்டு இருப்பேன், பாதி நெரம்புறதுக்குள்ள முழுச் சொல்லையும் சொல்லிருவேன். அட, குசும்புக்காரரே, என்னை வேலை செய்ய விட்டுட்டு நீங்க பேரு வாங்குறீங்கம்பா. எட்டாவது வரி, நடத்துநர் கிழிப்பது, அஞ்சு எழுத்து. இதுக்கு எவன் ஒதவியும் வேண்டாம். கையே எழுதிக்கிச்சு, டிக்கெட்டு. பொங்கியண்ணன் தோளைத் தட்டிவிட்டுக்கிட்டு மேல ஏறி வர்றாரு. தோளில் கிடக்கும், மூணு எழுத்து, பதினொண்ணாவது. அவரு தோள்லயே கிடக்குதே, வெள்ளையா, சரிகைக் கரை போட்டு. சுகந்தி, அம்மிணி, மாமாவுக்கு ஒரு துண்டு குடு, வேர்க்குதுன்னு அவரே சொல்றாரு. நல்லா இருங்க. துண்டு. முதல் து அதுதான். இது அவளோட து இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இப்ப குறிப்பை விட்டுட்டுக் கட்டத்தைப் பார்ப்போம். முதல் கட்டம் காலி, அப்புறம் அவன் போட்ட ற, ந், அப்புறம் காலி. அப்புறம் என்ற பா, அவன் போட்ட ல். பா, ல். பால். வந்தியா வழிக்கு! அப்புறம் காலி, அதுக்குக் கீழ டிக்கெட்டோட டி, காலி, அவன் போட்ட றா, துண்டோட து. ஏதோ ஒரு றாது. மாறாது, பெறாதுன்னு போட்டுப் பார்த்தேன், அதுக்கு முந்துன டி எங்கயும் ஒட்டலை. வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டான், எங்க வெட்டுறதுன்னு நாமதான் பார்க்கோணும். பால் என்ன பண்ணும்? கொதிக்கும், பொங்கும், திரியும். ற, ந். பறந், இறந்... இறந்தன்னா முதல் எழுத்து இ, நாலெழுத்துல இனிக்கிறது இ-ல என்ன இருக்கு? இல்லை. இறந்தன்னு ஏன் முதல்ல வந்துச்சு? மயிராண்டி மண்டை. கறந்த. கறந்த பால். மடி. கறந்த பால் மடி ஏறாது! அடி சக்கை. எருமை கட்டிக் கறந்த வீட்டுக்காரனுக்கு இது வர இம்புட்டு நேரமா? இப்ப வண்டி எதிர்ப் பக்கம் ஓடும், சொல்லுல இருந்து முதல் எழுத்துக்கு, முதல் எழுத்துல இருந்து விடைக்கு. முதல் வரிக்கு க. க-ன்னு உள்ளுக்குள்ள அவ உதட்டை நெனைச்சுக்கிட்டேன், வாய் தானா ‘கரும்பு’ன்னு சத்தமா சொல்லிருச்சு. சுகந்தி பயந்துபோய்த் திரும்பினா. ஏனுங் மாமா, ஜூஸ் வேணுமான்னா. அட போம்மா. நாலாவது வரி, இப்போது வராத அவசரச் செய்தி, த, தந்தி. ஏழாவது, ஈரோட்டுச் சந்தையில் மூட்டை மூட்டையாய், ம, மஞ்சள். ஒம்பதாவது, கிணற்றில் நீர் இறைக்க அந்தக் காலத்தில், ஏ, ஏற்றம். பூட்டைத் தொறந்து விட்ட மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா வருது. உசுரே வந்த மாதிரி இருந்துச்சு. வலது கையத் தூக்கிப் பார்க்கலாமான்னு கூடத் தோணுச்சு, அது அங்கயேதான் கிடந்துச்சு.

பாக்கிப் பாதி. காலி, ன், ன, காலி, ல், காலி, ய், காலி, றா, காலி. கீழ மறுபடியும் ஒரு றா. மேல ஏறாதுன்னா கீழயும் ஏறாதாத்தான் இருக்கோணும், இந்த மாதிரிச் சொல்லெல்லாம் ரெண்டு கால்ல ஒண்ணு போல நடக்கும். பத்தொம்பதுல ஏ, சுவரில் சாத்தி மேலே போக, ரெண்டு எழுத்து, ஏணி, ஒக்காந்துச்சு. ய்-க்கு முந்தி வா. வாய். வாயா? வாய் ஏறாது. எது வாய் ஏறாது? ன், ன, ஏதோ, ல். சொன்ன சொல். கறந்த பால் மடி ஏறாது, சொன்ன சொல் வாய் ஏறாது. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை. சொன்ன சொல்லு திரும்ப வராதாம். சொல்லாத சொல்லு கூடத்தான் வர மாட்டேங்குது, அதுக்கு எந்தப் பெரியவன் என்ன சொல்லி வெச்சான்? பன்னெண்டு, அண்ணன் தம்பி அடித்துக்கொள்வது, சொ, சொத்து. பதினஞ்சு, செத்தபின் போகுமிடம் என்பார்கள், சொர்க்கம். என்பார்கள்னு ஜாக்கிரதையா எழுதியிருக்கான் பாரு. பதினேழு, குலை தள்ளிவிட்டால் வெட்டிவிடுவார்கள், வாழை. கடைசிக் கட்டம் இருபத்தொண்ணு. ஏறாதுல கடைசி எழுத்து. து. கடைசி ஸ்டாப்பிங். கறந்த பால் மடி ஏறாது சொன்ன சொல் வாய் ஏறாது, வண்டி நேரா வந்து து-ல நிக்கும், அங்க இறங்கினா அவ நிப்பா. உதட்டை அசைச்சு ஓட்டிப் பார்த்தேன், ஓடுது, தடங்கல் இல்லை. மூணு தரம் ஓட்டினேன். எதுக்கு இந்தாளு முணுமுணுக்கிறாருன்னு பக்கத்துக் குடும்பத்துக்காரன் பார்க்குறான். ஏ புள்ள, வர்றேன் இரு.

அங்கயே பேப்பரை மடிச்சு வெச்சிருக்கோணும். பாழாப்போன கண்ணு கடைசிக் குறிப்புக்குப் போச்சு. வீட்டைக் கூட்டுவது, அஞ்சு எழுத்து. வேண்டாம், படிக்காத, அந்த வரி காலியா இருக்கட்டும், தடிச்ச கட்டத்துல து வந்தாச்சு, அது போதும், சொல்லு முடிஞ்சுருச்சு. ஆனா மண்டை கேக்குதா? சீமாறுன்னு சொல்லுது. சீமாறு மூணு எழுத்து, சேராது. விளக்குமாறு ஆறு எழுத்து, சேராது, ரெண்டும் து-ல ஆரம்பிக்கவும் இல்லை. நிறுத்து. நிறுத்துன்னா நிக்குதா? து, அஞ்சு எழுத்து. கண்ணை மூடினா அவ கையில சீமாறு. அன்னைக்கு விடிஞ்சும் விடியாம வாசல் கூட்டிக்கிட்டு இருந்தா, நான் கட்டில்ல படுத்து சன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். சர்ரு சர்ருன்னு சத்தம், அப்புறம் சத்தம் இல்லை. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அப்படியே குந்தினா, சாஞ்சா, சீமாறை மட்டும் விடலை. நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியும், வரலை. ஐயோ வரலை. ஓடியாங்க வரலை. வாயைத் தொறந்தா என்ன வந்துச்சு தெரியுமா? ஈரோடு சித்தோடு லட்சுமி நகர் பவானி அந்தியூர். தொண்டை கிழியக் கத்தினேன், மறுபடி மறுபடி, ஈரோடு சித்தோடு லட்சுமி நகர். பக்கத்து வீட்டுல யாரோ சிரிச்சது கேட்டுச்சு. பெருசு காலையிலேயே பஸ்ஸு விட ஆரம்பிச்சுருச்சுன்னு. தினமும் நான் அந்த வரிசையச் சொல்லிப் பழகுறதுதானே, அவிய என்ன கண்டாங்க? பால்காரன் வந்துதான் பார்த்தான். அதுவரைக்கும் நான் பஸ்ஸு விட்டுக்கிட்டு இருந்தேன், அவ என்னையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. கடைசி வரைக்கும் என்ற வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தா, சொல்லு வரும் வரும்னு. து, டை, ப், ப, ம். வந்துருச்சு. கேக்காதப்ப வந்து நிக்குது சனியன், அஞ்சு எழுத்தும் அளவெடுத்த மாதிரி.

அடிச்சேன். நான் எழுதக் கூட இல்லையே, எதை அடிக்கிறது? அந்த நாலு கட்டத்தையும் பேனாவால கிறுக்கி மறைச்சேன், பேப்பர் கிழிஞ்சு போச்சு. போ, போயிரு. து-க்கு அப்புறம் நீ இல்லை, அவ. வேற என்ன இருக்கு து-ல, துணி, துவரை, துட்டு, துக்கம், எது வேணா வரட்டும், அது மட்டும் வேண்டாம். அவ பேரு எப்படி இருக்கும்? பேனர்ல சிவப்பு எழுத்து, அதுவும் அஞ்சு எழுத்துத்தான், பார்த்த ஞாபகம் இருக்கு, து-க்கு அப்புறம் ஒரு ள மாதிரி வளைவு. ஆமா. து, ள... அப்புறம்? மறைஞ்சுருச்சு, அந்த எடத்துல சீமாறு வந்து குறுக்க நிக்குது. பூபதியக் கூப்பிட்டு இன்னொரு தரம் போன்ல காட்டச் சொல்லலாம், எப்படிக் கேக்குறது? ‘அது, அது’ன்னேன். என்னங்கப்பா, தண்ணியா? தலையாட்டினேன், இல்லை. ஒண்ணுக்குப் போகோணுமா? இல்லைடா. ‘அது!’ சரி சரி, கொஞ்சம் பொறுத்துக்கங்க, அடுத்தது நம்மதான்னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டான். நல்ல பையன். அவனுக்கு என்ற அது எதுன்னு எப்படித் தெரியும்?

கூப்பிட்டுட்டாங்க. பூபதி ஒரு பக்கம், பொங்கியண்ணன் ஒரு பக்கம், தாங்கிப் புடிச்சுப் படியில இறக்கினாங்க. தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு, குளுந்துச்சு. ஐயர் எலையில பிண்டம் வெச்சு, இடது கையாலயே விடட்டும் பரவாயில்லைன்னு எள்ளை என்ற உள்ளங்கையில போட்டாரு. சம்சாரம் பேரு சொல்லுங்கோன்னாரு. பூபதி வாயைத் தொறந்தான், பொங்கியண்ணன் கையை நீட்டித் தடுத்தாரு. இருடா, உங்கப்பன் சொல்லட்டும். எல்லாரும் என்ற வாயைப் பார்க்குறாங்க, அவ பார்த்த மாதிரியே. வண்டிய எடுத்தேன். கறந்த பால் மடி ஏறாது. ஐயர் நிமிர்ந்து பார்த்தாரு. என்னதுங்கறாருன்னு சுகந்தி கேக்குறா. சொன்ன சொல் வாய். நிறுத்தாத, நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து. ஏறாது. து. வந்துட்டேன், கடைசி எடம், உதட்டைக் குவிச்சேன், தெளிவா, மைக்குல சொல்ற மாதிரிக் கணீர்னு வந்துச்சு. துடைப்பம்.

இல்லை. அது இல்லை. தலையை ஆட்டினேன், திருத்துறதுக்கு வாயைத் தொறந்தேன், மறுபடியும் துடைப்பம். அதுல மாட்டிக்கிச்சு, சக்கரம் சேத்துல இறங்கின மாதிரி அதே எடத்துல சுத்துது. இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்ல நெனைச்சுச் சொன்னதும் துடைப்பம்தான். மூணு தரம் ஆச்சு. வழக்கம் மூணு தரம். எள்ளு கையில இருந்து நழுவித் தண்ணியில போயிருச்சு. பொங்கியண்ணன் மூஞ்சி செத்த மாதிரி ஆயிருச்சு. என்ற தங்கச்சி உங்களுக்கு அம்புட்டுத்தானுங்களா மாப்பிள்ளைன்னாரு, கத்தலை, மெதுவாத்தான் கேட்டாரு, துண்டை வாயில வெச்சுக்கிட்டுப் படியேறிப் போயிட்டாரு. பூபதி அவசர அவசரமா, சாமி, துளசிமணிங்க, துளசிமணி, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க, துளசிமணின்னு சொல்லிக்குங்கன்னான். துளசிமணி. ஆமா. அதேதான். து, ள, சி, ம, ணி. உள்ளுக்குள்ள மணி அடிச்சுது. ஐயர் தலையாட்டிட்டு மந்திரத்தை விட்ட எடத்துல இருந்து சொல்ல ஆரம்பிச்சாரு, ஆனா எள்ளு போயாச்சு, அது போனது எந்தப் பேருக்குன்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

பூபதி எலையை எடுத்துத் தண்ணியில விட்டான். கொஞ்ச நேரம் படிகிட்டயே சுத்துச்சு, அப்புறம் இழுப்பு புடிச்சுப் பாலத்துப் பக்கம் கிளம்பிருச்சு. அப்பா, வாங்க, ஏறலாம்னு தோளைப் புடிக்கிறான். நான் அசையலை. எலை போகுது. ஒரு முதல் எழுத்து இல்லை, ஒரு வரிசை இல்லை, யாரும் எடுத்துக் குடுக்கவும் இல்லை, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்குற அந்தப் பழைய குரல் தானாத் தொறந்துக்கிட்டு வந்துச்சு. “ஏ புள்ள!” கரையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.